‘எவ்வளவு முடிந்தது?’ என்று கேட்பதை நிறுத்திய பிறகு

கேள்வி: எனக்குக் கீழே வேலை செய்யும் இளையவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால், தவறு கடைசி நாளில்தான் தெரிகிறது. நடுவில் விசாரித்தால் “என் மேல் நம்பிக்கை இல்லையா?” என்று முகம் சுளிக்கிறார். எப்படித்தான் ஒப்படைப்பது?

நீங்கள் அநேகமாக “எவ்வளவு முடிந்தது?” என்று கேட்டிருப்பீர்கள். அவர் “முக்கால்வாசி முடிந்துவிட்டது” என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது பொய்யாக இருந்திருக்காது. எளிதான முக்கால் பங்கை முதலில் முடித்துவிட்டு, கடினமான கால் பங்கைத் தள்ளிவைத்திருப்பார். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். அந்தக் கால் பங்குக்குத்தான் மொத்த நேரத்தில் பாதி வேண்டும் என்பது வேலை தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும்.

நான் கணக்குப் பிரிவில் இருப்பவள். உங்கள் துறை எதுவென்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த வேலையை வைத்தே சொல்கிறேன்.

ஆண்டு முடிவில் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு சப்ளையருக்கும் நாம் எவ்வளவு பாக்கி என்று நம் பேரேடு ஒரு தொகையைச் சொல்லும், அவர்கள் அனுப்பும் கணக்கு அறிக்கை வேறொரு தொகையைச் சொல்லும். இரண்டுக்கும் ஏன் வித்தியாசம் என்று ஒவ்வொரு வரியாகக் கண்டுபிடித்துச் சரிகட்டும் பட்டியல் தயாரிக்க வேண்டும். ஏறக்குறைய 60 சப்ளையர்கள். இதை எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் கொடுத்தேன். அதுவரை வவுச்சர் பதிவதைத் தவிர வேறெதுவும் அவர் கைக்கு வந்ததில்லை.

“சப்ளையர் கணக்குகளைச் சரிபார்த்துவிடுங்கள்” என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அதைக் கேட்டுக்கொண்டு போகிறவர் என்ன செய்வார்? இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்தையும் குறித்து, சரிபார்த்தாகிவிட்டது என்பார். ‘சரிபார்’ என்பது அவர் செய்ய வேண்டிய செயல். என்ன விளைய வேண்டும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. அதனால் நான் வேறு மாதிரி சொன்னேன்: “தணிக்கையாளர் ஒரு சப்ளையரின் பெயரைச் சொல்லி ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால், உங்களைக் கூப்பிடாமலே உங்கள் தாளைப் பார்த்து நான் பதில் சொல்ல வேண்டும்.” இதைச் சொன்னதும், தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அவரே பட்டியலிட்டார். பில் எண், தேதி, தொகை, காரணம், இதைச் சரிசெய்ய வேண்டியது நாமா அவர்களா. ஒன்றை மட்டும் நான் சேர்த்தேன்: காரணம் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுத வேண்டும், ஊகத்தை எழுதக் கூடாது.

அதோடு எல்லையையும் சொன்னேன். சப்ளையர்களுக்கு அவர் பெயரிலேயே கடிதம் எழுதலாம், தொலைபேசியில் பேசலாம். ஆனால் புத்தகத்தில் எந்தத் திருத்தப் பதிவும் போடக் கூடாது. இது அவர் மேல் சந்தேகப்பட்டுச் சொன்னதில்லை. வித்தியாசம் கண்ணை உறுத்தும்போது ஒரு பதிவைப் போட்டு அதைச் சுழியாக்கிவிடும் ஆசை அனுபவசாலிகளுக்கே வரும். எல்லாக் கணக்கும் சீக்கிரமாகவும் அழகாகவும் சுழிக்கு வந்துவிட்டால்தான் நான் முதலில் பயப்படுவேன்.

அடுத்து, புரிந்ததா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. “நாளைக் காலையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். பெயர் வரிசைப்படி முதல் சப்ளையரிலிருந்து தொடங்குவேன் என்றார். அங்கேயே வேலையின் போக்கு மாறியது. அறிக்கை கேட்டுக் கடிதம் அனுப்பினால் பதில் வர நாளாகும். வரிசைப்படி போனால் கடைசி சப்ளையருக்கான கடிதம் கெடுவுக்கு முந்தின நாள்தான் போகும். எனவே முதல் நாளே எல்லோருக்கும் கடிதம், பதில் வரவர வேலை என்று முடிவு செய்தோம். அந்த ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை. தணிக்கையாளர் வருவது மாதம் 25ஆம் தேதி. நான் அந்த இளைஞருக்குக் கொடுத்த தேதி 18. இரண்டு தேதிகளையும் சொன்னேன். 25ஐ மறைத்துவிட்டு 18ஐ மட்டும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை அது தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்தத் தேதியையும் அவர் நம்ப மாட்டார். நடுவில் உள்ள நாட்கள் எதற்கு என்றும் சொன்னேன்: நான் படிக்க, திருத்தப் பதிவுகளுக்கு ஒப்புதல் வாங்க, பதில் தராதவர்களை மறுபடி விரட்ட.

இனி, நடுவில் பார்ப்பது. உங்கள் இளையவர் முகம் சுளிப்பது இங்கேதான். நீங்கள் நினைத்த நேரத்தில் போய்க் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். எப்போது பார்ப்போம், எதைப் பார்ப்போம் என்பதை வேலையைக் கொடுக்கும் அன்றே இருவரும் சேர்ந்து குறித்துக்கொண்டால், அது விசாரணையாகத் தோன்றாது. நாங்கள் மூன்று இடங்களைக் குறித்தோம். அவற்றில் முதலாவதுதான் மிக முக்கியம்: ஒரே ஒரு சப்ளையரின் பட்டியல் முழுதாக முடிந்ததும், மற்றதைத் தொடும் முன் பார்ப்பது. மிக எளிதானதும் வேண்டாம், மிகச் சிக்கலானதும் வேண்டாம், நடுத்தரமான ஒன்று.

அவர் கொண்டுவந்த முதல் தாள் இப்படி இருந்தது. நம் பேரேட்டில் பாக்கி 4,18,000. சப்ளையர் சொல்வது 4,60,000. வித்தியாசம் 42,000. காரணம் என்ற இடத்தில் ‘பதிவில் காலதாமதம்’ என்று இரண்டே சொற்கள். இதே தாள் 60 மடங்காகி 18ஆம் தேதி என் மேசைக்கு வந்திருந்தால் நானும் உங்களைப் போல ஒரு கேள்வி எழுதிப் போட்டிருப்பேன். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். ஆண்டின் கடைசி நாளில் நாம் கொடுத்த 25,000 காசோலையை அவர்கள் அடுத்த வாரம்தான் வரவு வைத்திருந்தார்கள். திருப்பி அனுப்பிய சரக்குக்கு நாம் அனுப்பிய 12,000 பற்றுக்குறிப்பை அவர்கள் பதியவே இல்லை. மீதி 5,000 ஒரு பில். சரக்கு வந்திருக்கிறது, பில் நம் கைக்கு வரவில்லை. முதலாவது தானாகச் சரியாகிவிடும், இரண்டாவதற்கு அவர்கள் பதிவு போட வேண்டும், மூன்றாவதற்கு நாம் போட வேண்டும். ‘காலதாமதம்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருந்தன. அதன் பிறகு அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது சந்திப்பு, பாக்கியில் மிகப் பெரிய ஐந்து சப்ளையர்கள் முடிந்ததும். ‘பாதி முடிந்ததும்’ என்று வைத்திருந்தால் அவர் சின்னச் சின்னதாக முப்பதை முடித்துவிட்டு வந்திருப்பார். அந்தச் சந்திப்பில் அவர் ஒரு கணக்கைக் காட்டினார். வித்தியாசம் வெறும் 600. வேறு யாராக இருந்தாலும் சில்லறை என்று விட்டிருப்பார்கள். இவர் வரி வரியாக ஒப்பிட்டதால், 80,000 ரூபாய்க்கான ஒரே பில் நம் புத்தகத்தில் இரண்டு முறை ஏறியிருப்பதும், 79,400க்கான இன்னொரு பில் ஏறாமலே விட்டுப்போயிருப்பதும் வெளியே வந்தது. ஒன்றை ஒன்று மூடிக்கொண்டு 600 ஆகத் தெரிந்திருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஒளிக்க விரும்பவில்லை. மூன்றாவது சந்திப்பு 16ஆம் தேதி, ‘தெரியவில்லை’ என்று எழுதியவை மட்டும். அங்கிருந்து அவை என் பொறுப்பு.

“இது ஒப்படைப்பா, கண்காணிப்பா?” என்று கீழே எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குறித்த மூன்று நேரங்களைத் தவிர நான் அவர் இருக்கைப் பக்கமே போகவில்லை. எந்த வரிசையில் செய்தார், எந்த நேரத்தில் செய்தார் என்று கேட்கவில்லை. மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும் அவரே என்னிடம் வர வேண்டும் என்று பேசியிருந்தோம்: அரை நாள் தேடியும் பெரிய தொகைக்குக் காரணம் கிடைக்காவிட்டால், சப்ளையர் அறிக்கை தர மறுத்தால், வேறு யாராவது அவருக்கு வேறு வேலை கொடுத்தால்.

அந்த மூன்றாவது நடந்தது, நடக்காமல் இருக்குமா? எனக்கு மேலே இருந்தவர் ஒரு நாள் காலையில் நேராக இவரிடம் போய், ஏதோ கூட்டத்துக்கு ஒரு விளக்கப்படம் தயாரிக்கச் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு சொல் இல்லை. இளையவர் எப்படி மறுப்பார்? அவர் உடனே என்னிடம் வந்ததால், நான் போய் “படம் வேண்டுமா, 18ஆம் தேதி வேண்டுமா, இரண்டும் வேண்டுமென்றால் இன்னோர் ஆள் தாருங்கள்” என்று கேட்டேன். படத்தை வேறொருவர் செய்தார். தலைமேல் தாவி வேலை கொடுப்பவர்கள் கெடு தவறியதும் நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் நான் முடித்த பணிகளுக்குக் கட்டம் உண்டு, ஓர் ஆளை உருவாக்கியதற்குக் கட்டம் கிடையாது. அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணைப் பற்றி இங்கே எழுதினால் பதில் நீண்டுவிடும், விடுங்கள்.

பேசியதை எல்லாம் அன்றே ஐந்தாறு வரிகளில் மின்னஞ்சலாக எழுதச் சொன்னேன். எழுதியது அவர்தான். அவர் எழுதியதைப் படித்தால் அவருக்கு எது விட்டுப்போனது என்பது எனக்குத் தெரிந்துவிடும். முதல் வரைவில், திருத்தப் பதிவு போடக் கூடாது என்ற வரியைக் காணவில்லை. சேர்க்கச் சொன்னேன்.

இது எல்லா வேலைக்கும் ஒத்துவராது. ஒரு மதியத்தில் முடிகிற வேலைக்கு மூன்று சந்திப்பு வைத்தால் உங்கள் இளையவர் முகம் சுளிப்பது நியாயம். அதற்கு என்ன வேண்டும், எத்தனை மணிக்கு என்று ஒரு வரி போதும். நீளமான வேலையில், மற்ற இரண்டையும் சூழ்நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், முதல் துண்டைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குறித்த நாளில் அது வராவிட்டால் அவர் சோம்பேறி என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் எங்கோ சிக்கிக்கொண்டு, சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பார். அன்று மாலையே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, “எந்த வரியில் நின்றுபோனது, காட்டுங்கள்” என்று கேளுங்கள்.