அபராதம் கட்டியாச்சு, லைசென்ஸ் எங்கே? கேள்வி பதில்

(பதில் சொல்பவர் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கடலூர் முதுநகர் வாசகர்: சார், பாண்டியிலிருந்து பைக்கில் வரும்போது ஆல்பேட்டையில் பிடித்தார்கள். ஊதச் சொன்ன மெஷினில் 86 காட்டியது. கோர்ட்டில் பத்தாயிரம் கட்டிவிட்டேன். லைசென்ஸை மட்டும் தரவில்லை. ஸ்டேஷனில் கேட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போ என்கிறார்கள். அங்கே போனால் இன்னும் வரவில்லை என்கிறார்கள்.

தம்பி, உங்கள் மேல் இரண்டு தனித்தனி நடவடிக்கை ஓடுகிறது. ஒன்று கோர்ட்டில், குடித்துவிட்டு ஓட்டியதற்கு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு, உங்களுக்கு 86. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் அபராதத்தோடு தப்பினீர்கள். அது முடிந்தது.

இன்னொன்று ஆர்.டி.ஓ. ஆபீஸில், உங்கள் லைசென்ஸைப் பற்றி. மோட்டார் வாகனச் சட்டம் 206-வது பிரிவின் 4-வது உட்பிரிவுப்படி போலீஸ் அதைப் பறிமுதல் செய்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். சஸ்பெண்ட் செய்யும் அதிகாரம் போலீஸுக்குக் கிடையாது. ஆர்.டி.ஓ. முதலில் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் உத்தரவு. முதல் குற்றம் என்றால் மூன்று மாதம். இரண்டாவது முறை என்றால் லைசென்ஸே ரத்து.

ஸ்டேஷனில் "அனுப்பிட்டோம்" என்று வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் அனுப்பினார்கள் என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் தபால் பிரிவுக்குப் போங்கள். எண் இல்லாமல் போனால் "வரலை" என்ற பதில்தான் வரும். அவர்களையும் குறை சொல்ல முடியாது, கட்டுக்கட்டாக வரும் தபாலில் உங்கள் பெயரை எங்கே தேடுவார்கள்?

லைசென்ஸில் இருக்கும் முகவரியையும் பாருங்கள். வீடு மாறி முகவரியை மாற்றாதவர்களுக்கு நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிடும். இவர் பதிலே தரவில்லை என்று எழுதி உத்தரவு போட்டுவிடுவார்கள். இப்போதைய முகவரியையும் போன் நம்பரையும் ஒரு மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்: அண்ணே, இதுக்கு ஏன் அலையணும்? போலீஸ் கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டே வண்டி ஓட்டலாம். எங்க மாமா அப்படித்தான் ஓட்டினார்.

பாதி சரி. காரணம் வேறாக இருந்தால், உதாரணமாக ஆள் கோர்ட்டுக்கு வரமாட்டார் என்று சந்தேகப்பட்டு லைசென்ஸை வாங்கி வைத்திருந்தால், அந்த ரசீதோடு ஓட்டலாம். உங்கள் மாமாவுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். குடி, அதிவேகம், ஆபத்தான ஓட்டுதல், ஹெல்மெட் போடாதது போன்றவற்றுக்காக 206(4)-ல் பிடித்தால் கொடுக்கும் ரசீது அப்படி இல்லை. லைசென்ஸ் கைக்குத் திரும்பும் வரை அந்த ரசீதைக் காட்டி ஓட்ட முடியாது என்று சட்டமே சொல்கிறது. ரசீதில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: என் தம்பி டிஜிலாக்கரில் லைசென்ஸ் இருக்கு என்று சொல்லி தினமும் ஓட்டுகிறான். கார்டுதானே போலீஸிடம் இருக்கிறது என்கிறான்.

போனில் இருந்தால் மட்டும் போதாது, அம்மா. உத்தரவு போட்டதும் லைசென்ஸ் விவரம் இருக்கும் சாரதி கணினியில் ஏற்றிவிடுவார்கள், போலீஸ் கையில் இருக்கும் சலான் மெஷினில் எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். சஸ்பெண்டில் இருக்கும்போது ஓட்டிப் பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து விபத்து. தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டினார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாட வழியிருக்கிறது. நஷ்டஈடு வண்டிக்காரர் தலையில் விழலாம்.

பண்ருட்டி வாசகர்: எனக்கும் லைசென்ஸ் போய்விட்டது சார். பஸ்ஸில் பர்ஸோடு யாரோ அடித்துவிட்டார்கள். மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமா?

உங்களுடையது திருட்டு, சஸ்பெண்ட் இல்லை. புகார் கொடுத்துவிட்டு டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பியுங்கள், காத்திருக்கத் தேவையில்லை.

நீங்கள் கேட்டதால் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சஸ்பெண்ட் ஆனவர்கள் "தொலைந்துவிட்டது" என்று டூப்ளிகேட் கேட்பதும், பாண்டியில் சொந்தக்காரர் முகவரியில் புது எல்.எல்.ஆர். போடுவதும் நடக்கிறது. தகுதி நீக்கத்தில் இருந்துகொண்டு லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதே குற்றம். சஸ்பெண்டில் ஓட்டினால் என்ன தண்டனையோ அதேதான்.

விருத்தாசலம் வாசகர்: நான் குடிக்கவே மாட்டேன். போன் பேசிக்கொண்டு ஓட்டியதாக மூன்று சலான். மூன்றையும் ஆன்லைனில் கட்டிவிட்டேன். இப்போது ஆர்.டி.ஓ. நோட்டீஸ். பணம் கட்டிய பிறகு என்ன நோட்டீஸ்?

நீங்கள் ஆன்லைனில் கட்டியது சமரசக் கட்டணம். அதைக் கட்டினாலும் 206(4) நடவடிக்கையும் புத்தாக்கப் பயிற்சியும் நீங்காது என்று 2019 திருத்தத்தில் தெளிவாகவே சேர்த்துவிட்டார்கள். கட்டிய ஒவ்வொரு சலானும் அடுத்த தடவைக்கு முந்தைய குற்றமாகவும் எண்ணப்படும். அதனால் "எல்லாம் கட்டியாச்சு" என்று மட்டும் பதில் எழுதாதீர்கள், அது நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. சலானில் இருக்கும் புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள். வண்டி உங்களுடையது, ஓட்டியது வேறொருவர் என்றால் அதை எழுதுங்கள். ஓட்டியது நீங்கள்தான் என்றால் நேரில் போய்ச் சூழ்நிலையைச் சொல்லுங்கள். உத்தரவு பாதகமாக வந்தால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

கடலூர் முதுநகர் வாசகர் (மறுபடியும்): கடித எண் கிடைத்தது சார். மூன்று மாதம் எப்போதிலிருந்து கணக்கு? முடிந்ததும் கார்டு வீட்டுக்கு வருமா?

உத்தரவில் எழுதியிருக்கும் தேதிதான் கணக்கு. பிப்ரவரி 2-ல் பிடித்தார்கள், மார்ச் 10-லிருந்து மூன்று மாதம் என்று உத்தரவு வந்தது என்று வையுங்கள். ஜூன் 9 வரை ஓட்ட முடியாது. நடுவில் காத்திருந்த ஐந்து வாரத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதை விசாரணையிலேயே எழுதிக் கொடுங்கள். சிலர் கழிப்பார்கள், சிலர் மாட்டார்கள்.

தானாக வீட்டுக்கு வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். சஸ்பெண்ட் ஆனவர் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பள்ளியில் புத்தாக்கப் பயிற்சி முடிக்க வேண்டும். எந்தப் பள்ளியின் சான்றிதழை ஏற்பார்கள் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே கேட்டுவிட்டுச் சேருங்கள். தெரு முனைப் பள்ளியில் பணம் கட்டி வாங்கிய காகிதத்தோடு போய்த் திரும்பியவர்கள் உண்டு. காலம் முடிந்ததும் உத்தரவு நகல், சான்றிதழ் இரண்டையும் கொடுத்து கார்டை வாங்குங்கள். வெளியே வருமுன் sarathi.parivahan.gov.in தளத்தில் நிலை மாறிவிட்டதா என்று போனிலேயே பாருங்கள். கார்டு கையில், கணினியில் இன்னும் சஸ்பெண்ட் என்று இருந்தால் அடுத்த செக்கிங்கிலேயே மாட்டுவீர்கள்.

பாகூர் வாசகர்: என் லைசென்ஸ் பாண்டியில் எடுத்தது. பிடித்தது கடலூரில். தமிழ்நாட்டு ஆபீஸ் பாண்டி லைசென்ஸில் கை வைக்க முடியுமா?

லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும் என்றால் தகுதி நீக்கமும் அப்படித்தான். முள்ளோடை எல்லையைத் தாண்டினால் சரியாகிவிடாது. எந்த ஆபீஸ் விசாரிக்கும் என்பதில்தான் குழப்பம். கடலூரிலேயே நோட்டீஸ் போட்டதையும் பார்த்திருக்கிறேன், பாண்டிக்கு அனுப்பிவிட்டதையும் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் எங்கிருந்து வந்ததோ அங்கே பதில் கொடுங்கள், நகலை இன்னொரு ஆபீஸுக்கும் அனுப்பிவையுங்கள்.

சிதம்பரம் வாசகி: என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். குடித்துவிட்டு டிவிஎஸ் 50 ஓட்டி மாட்டினார். மூன்று மாதம் லாரி ஏறாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. வழி உண்டா?

ஒரு வழி இருக்கிறது அம்மா, பலருக்குத் தெரியாது. லைசென்ஸில் இருக்கும் எல்லா வகை வண்டிக்கும் தடை போடலாம், ஏதாவது ஒரு வகைக்கு மட்டும் போடலாம் என்றுதான் 19-வது பிரிவு இருக்கிறது. பிடித்தது இருசக்கர வாகனத்தில் என்பதால் தடையை அதற்கு மட்டும் வைக்கும்படி விசாரணையில் எழுத்தாகக் கேளுங்கள். முதலாளியிடமிருந்து வேலைக் கடிதம், இதற்கு முன் வழக்கு இல்லை என்பது இரண்டும் சேர்த்துக் கொடுங்கள். கேட்டால் கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். குடித்துவிட்டு மொபெட் ஓட்டுகிறவர் கையில் லாரியை எப்படிக் கொடுப்பது என்று அதிகாரி திருப்பிக் கேட்டால், அதற்குப் பதில் உங்கள் வீட்டுக்காரர்தான் சொல்லியாக வேண்டும். அவரையே நேரில் போகச் சொல்லுங்கள், நீங்கள் போக வேண்டாம்.