முற்றத்துக் குழாய்க்குப் பூட்டு

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் கணவர், இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறேன். முன்கட்டில் 78 வயது வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். நடுவில் இருக்கும் முற்றம் பொது. துணி துவைக்காதே, கொடி கட்டாதே என்று தினமும் சத்தம். போன மாதம் வழுக்கி விழுந்தார், பெரிய அடி ஒன்றுமில்லை. அதற்கப்புறம் முற்றத்துக் குழாயைப் பூட்டிவிட்டார். போலீஸில் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். புகார் கொடுத்துவிட்டு அவர் முகத்தில் விழித்துக்கொண்டு அதே முற்றத்தில் நடமாட உங்களால் முடியுமென்றால்.

எதில் வழுக்கினார் என்று ஏனம்மா எழுதவில்லை? நீங்கள் துவைத்த சோப்புத் தண்ணீரில்தானே? அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை, அப்புறமும் பலர் பழையபடி நடப்பதில்லை. அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். யார் தூக்கிவிட்டது, டாக்டரிடம் யார் கூட்டிப்போனது, ஒன்றையும் காணோம். அவர் பெற்ற பிள்ளைகள் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதல் கடமை, சொந்தமோ இல்லையோ.

குழாயைப் பூட்டியது தப்புதான். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஆனால் உங்கள் பின்கட்டுக்குள் வேறு குழாய் இருந்தால் அந்த வாதம் அவ்வளவாக நிற்காது. முற்றம் பொது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதே சண்டை. கடைசியில் பார்த்தால் ஜலதாரையில் தலைமுடியும் சோப்பு அழுக்கும் அடைத்து, தண்ணீர் தேங்கி, கருங்கல்லில் பாசி பிடித்திருந்தது. குடியிருந்த பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியை விட்டு அடைப்பை எடுத்தான், பிளீச்சிங் பவுடரைத் தூவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினான். காய்ந்ததும் பெரியவரைக் கூப்பிட்டு, "நடந்து பாருங்க தாத்தா" என்றான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குறுக்கே ஒருதரம், பிடிக்காமல் ஒருதரம் நடந்தார். "கொடியை அந்தப் பக்கத் தூணில் கட்டிக்கோ, நான் போற வழியில் சொட்டக்கூடாது" என்றார். காலை ஏழு மணிக்குள் துவைத்துத் தள்ளிவிட வேண்டும், அவர் குளிக்க வரும்போது தரை காய்ந்திருக்க வேண்டும் என்று பேச்சு. பூட்டு அன்றைக்கே போனது.

உங்கள் முற்றத்திலும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஓடாமல் நின்றால் அடைப்பு அங்கேதான். சாவிப் பேச்சை அப்புறம் எடுக்கலாம், விழுந்த இடம் இன்னும் வலிக்கிறதா என்று முதலில் போய்க் கேளுங்கள். துவைக்கும் நேரம், கொடி கட்டும் பக்கம், ஜலதாரையைச் சுத்தம் செய்வது யார் என்று பேசி முடித்ததை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எழுதிக்கொள்ளுங்கள்.