10 மில்லி எடுத்தீர்கள், திரும்ப ஊற்றினீர்களா?

கேள்வி: வணக்கம் சேர். கொழும்பில் பாமசி படிக்கிறேன். 500 மில்லிகிராம் பரசிட்டமோல் குளிசை ஒன்றை, பிஎச் 5.8 பொஸ்பேட் தாங்கற் கரைசல் 900 மில்லியில், 37 பாகையில், துடுப்பு நிமிடத்துக்கு 50 சுற்று என்று வைத்துக் கரையவிட்டேன். ஒவ்வொரு தடவையும் 10 மில்லி எடுத்து வடித்து, அதில் 2 மில்லியை 0.1 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டால் 100 மில்லியாக்கி 257 நானோமீற்றரில் வாசித்தேன். 5, 10, 15, 20, 30, 45 நிமிடங்களில் உறிஞ்சல் 0.262, 0.447, 0.580, 0.660, 0.742, 0.771. நான் கணக்குப் பார்த்தால் கடைசியில் 97% வருகிறது. அதே எண்களை வைத்து என் நண்பி 100.8% என்கிறாள். யார் சரி? 100க்கு மேல் வரலாமா?

பதில்: இரண்டு பேருமே கணக்கில் பிழை விடவில்லை. ஆனால் கேள்வியில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. 10 மில்லி எடுத்த ஒவ்வொரு முறையும் அதே அளவு புதுத் தாங்கற் கரைசலைப் பாத்திரத்தில் ஊற்றினீர்களா, இல்லையா? ஊற்றியிருந்தால் நண்பி சொல்வது சரி. ஊற்றாவிட்டால் இரண்டுமே சரியில்லை, உண்மையான விடை 95.4%. ஒரே உறிஞ்சலிலிருந்து எப்படி மூன்று விடை வருகிறது என்று பார்ப்போம்.

முதலில் உறிஞ்சலைச் செறிவாக்குவோம். 257 இல் 715 என்ற எண்ணைப் பிரித்தானிய மருந்தாக்க நூல் தருகிறது. நூறு மில்லியில் ஒரு கிராம் பரசிட்டமோல் உள்ள காரக் கரைசல், ஒரு சென்ரிமீற்றர் கியூவெட்டில் 715 உறிஞ்சலைத் தரும் என்பது அதன் பொருள். அவ்வளவு செறிவான கரைசலை எந்தக் கருவியும் வாசிக்காது, அது வெறும் கணக்குக்கான எண். உறிஞ்சலை 715ஆல் வகுத்தால் நூறு மில்லியில் எத்தனை கிராம் என்று வரும். 10ஆல் பெருக்கினால் மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று மாறும். அது கியூவெட்டுக்குள் இருக்கும் ஐதான கரைசலின் செறிவு. நீங்கள் 2 மில்லியை 100 ஆக்கியதால், பாத்திரத்தில் இருப்பது அதன் 50 மடங்கு.

உங்கள் 45 நிமிட உறிஞ்சலையே எடுப்போம். 0.771 ÷ 715 × 10 × 50 = 0.539. அதாவது பாத்திரத்தில் மில்லிக்கு 0.539 மில்லிகிராம். 900ஆல் பெருக்கினால் 485 மில்லிகிராம், 500க்கு அது 97%. நீங்கள் செய்தது இவ்வளவுதான்.

இந்த 97% அந்த நிமிடத்தில் பாத்திரத்துக்குள் இருந்த மருந்து மட்டுமே. அதற்கு முன் ஐந்து முறை நீங்கள் 10 மில்லி எடுத்து வெளியே கொண்டுபோய்விட்டீர்கள். அதிலும் மருந்து இருந்தது, அதுவும் இதே குளிசையிலிருந்து கரைந்ததுதான். 5ஆவது நிமிடத்தில் எடுத்ததில் 1.8 மில்லிகிராம், 10ஆவதில் 3.1, இப்படியே ஐந்தையும் கூட்டினால் 18.8 மில்லிகிராம். எடுத்த இடத்தில் மருந்தில்லாத புதுக் கரைசலை ஊற்றியிருந்தால் பாத்திரத்துக் கரைசல் ஒவ்வொரு முறையும் சற்று ஐதாகியிருக்கும். ஆகவே வெளியே போனதை 485 உடன் சேர்த்தால்தான் குளிசை உண்மையில் விட்ட அளவு வரும்: 504 மில்லிகிராம், 100.8%. உங்கள் நண்பி செய்தது இது.

ஊற்றியிருந்தால் முழு அட்டவணை இப்படி வரும்.

| நிமிடம் | திருத்தாத % | திருத்திய % |
|---|---|---|
| 5 | 33.0 | 33.0 |
| 10 | 56.3 | 56.6 |
| 15 | 73.0 | 74.0 |
| 20 | 83.1 | 84.9 |
| 30 | 93.4 | 96.1 |
| 45 | 97.0 | 100.8 |

முதல் வரியில் வித்தியாசமே இல்லை, ஏனென்றால் அதற்கு முன் எதுவும் எடுக்கப்படவில்லை. எக்செலில் போடும்போது பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். அந்த நிமிடத்து 10 மில்லியையும் கூட்டலுக்குள் இழுத்துவிடுகிறார்கள். அந்த 10 மில்லியில் உள்ள மருந்து 900க்குள் ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டது. A நிரலில் நேரம், B இல் உறிஞ்சல், முதல் வரி தலைப்பு என்று வைத்தால் இரண்டாம் வரியில் இப்படிப் போட்டு ஏழாம் வரி வரை கீழே இழுங்கள்:

```
C2: =B2/715*10*50
D2: =(C2*900+10*SUM(C$1:C1))/500*100
```

கூட்டல் முந்தைய வரியோடு நிற்பதைக் கவனியுங்கள். தலைப்பில் எழுத்து இருந்தாலும் `SUM` அதைக் கணக்கெடுக்காது. முதல் நேரத்தில் திருத்தியதும் திருத்தாததும் ஒன்றாக வராவிட்டால் சூத்திரம் ஒரு வரி தள்ளிப் போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, திரும்ப ஊற்றவில்லை என்றால்? அப்போது 45ஆவது நிமிடத்தில் பாத்திரத்தில் 900 மில்லி இல்லை, 850தான். 0.539ஐ 850ஆல் பெருக்கினால் 458 மில்லிகிராம். வெளியே போன 18.8ஐயும் சேர்த்தால் 477, அதாவது 95.4%. இங்கே நண்பியின் வழியில் போனால் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டும். உங்கள் வழிகூட ஒன்றரைச் சதவீதம் கூட்டித்தான் காட்டும். ஊற்றாத சோதனைக்கு D2 இல் முந்தைய சூத்திரத்துக்குப் பதிலாக இதைப் போடுங்கள்:

```
D2: =(C2*(900-10*(ROW()-2))+10*SUM(C$1:C1))/500*100
```

ஊற்றினோமா என்று குறிப்பேட்டில் எழுதவில்லை, ஞாபகமும் இல்லை என்றால், ஊகித்துப் போடாமல் மறுபடி ஒரு குளிசையைப் போடுவதே மேல். போடும்போது 60, 75 நிமிடங்களிலும் எடுங்கள். குளிசை முழுவதும் கரைந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் ஊற்றியும் வருகிறீர்கள் என்றால், உறிஞ்சல் அதே இடத்தில் நிற்காது, மெல்ல இறங்கும். 45இல் 0.771 என்றால் 60இல் 0.762, 75இல் 0.754 அளவில் இருக்க வேண்டும். திருத்திய சதவீதம் மட்டும் 100.8இலேயே தட்டையாக நிற்கும். ஊற்றாமல் செய்தால் உறிஞ்சலே தட்டையாக நிற்கும். கரைந்து முடிந்த பிறகும் திருத்திய சதவீதம் மேலே ஏறிக்கொண்டே போனால், ஊற்றாத சோதனைக்கு ஊற்றிய சூத்திரத்தைப் போட்டிருக்கிறீர்களோ என்று முதலில் பாருங்கள். மூடி இல்லாத பாத்திரத்திலிருந்து நீர் ஆவியானாலும் இதே மாதிரி ஏறும், ஆகவே மூடியையும் பாருங்கள்.

ஊற்றும் கரைசல் 37 பாகையில் இருக்க வேண்டும் என்று சொல்லித் தந்திருப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஏசி அறையில் 24 பாகையில் இருந்த 10 மில்லியை ஊற்றினாலும் பாத்திரம் 0.14 பாகைதான் குளிரும். அனுமதி அரைப் பாகை. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

100க்கு மேல் வரலாமா என்பதற்கு: தாராளமாக வரலாம். நாம் வகுப்பது பெட்டியில் எழுதிய 500ஆல், குளிசைக்குள் உண்மையில் இருப்பதால் அல்ல. பிரித்தானிய நூல் பரசிட்டமோல் குளிசைக்கு 95 முதல் 105 சதவீதம் வரை உள்ளடக்கத்தை ஏற்கிறது. 504 மில்லிகிராம் அதற்குள் வசதியாக அடங்கும். 108, 112 என்று வந்தால்தான் ஐதாக்கலையும் கனமானக் குடுவையையும் சந்தேகிக்க வேண்டும். கஃபீன் சேர்ந்த குளிசையா என்றும் பெட்டியைப் பாருங்கள். வெள்ளவத்தைக் கடையில் பனடோல் என்று கேட்டால் எந்த வகையும் கையில் வரலாம். கஃபீனும் 257இல் உறிஞ்சும் என்பதால் இந்த முறை அதற்கு ஒத்துவராது.

ஐதாக்கலைப் பற்றி ஒன்று. காரத்தில் பரசிட்டமோல் தன் பீனோல் புரோத்தனை இழக்கிறது. அதனால்தான் உச்சம் 243இலிருந்து 257க்கு நகர்ந்து, உறிஞ்சலும் கூடுகிறது. அமெரிக்க நூல் 243இல் அளக்கச் சொல்கிறது. அங்கே 715 செல்லாது, நியமக் கரைசலை நீங்களே தயாரித்து அதனோடு ஒப்பிட வேண்டும். ஒரு முறையின் அலைநீளத்தையும் மற்றதன் எண்ணையும் கலக்காதீர்கள்.

உங்கள் அட்டவணையில் எனக்கு உண்மையில் கவலை தருவது கடைசி வரி அல்ல, முதல் வரி. அந்த நேரத்தில் குளிசை நிமிடத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் பிந்தி எடுத்தால் வரும் பிழை, இவ்வளவு நேரம் நாம் பேசிய 3.8% திருத்தத்தையே தாண்டிவிடும். நேரத்துக்கு அனுமதி 2%, அதாவது 5ஆவது நிமிடத்தில் முன்பின் ஆறே செக்கன். நேரத்துக்கு எடுத்தாலும் சிரிஞ்சுக்குள் வடிக்காமல் வைத்திருந்தால் நுண்துகள்கள் உள்ளேயே கரைந்துகொண்டிருக்கும், கடிகாரம் நின்றாலும் மருந்து நிற்காது. எடுத்த கையோடு 0.45 மைக்ரோமீற்றர் வடியில் தள்ளி, முதலில் வரும் சில மில்லியைக் கொட்டிவிட்டு மீதியைப் பிடியுங்கள். எடுக்கும் இடம் கரைசலின் மேற்பரப்புக்கும் துடுப்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சுவரிலிருந்து ஒரு சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கட்டும்.

கடைசியாக, அறிக்கையில் குளிசை தேறியதா என்று எழுதுவதானால் இந்தத் திருத்தமே தேவைப்படாது. பிரித்தானிய நூல் 45 நிமிடத்தில் ஒரேயொரு தடவை எடுக்கச் சொல்கிறது, அமெரிக்க நூல் 30 நிமிடத்தில். முன்பு எதுவும் எடுக்காத பாத்திரம் என்பதால் செறிவை 900ஆல் பெருக்கினால் போதும். ஆனால் அதற்கு ஆறு குளிசை, ஆறு பாத்திரம் வேண்டும். நீங்கள் ஒரே குளிசையில் வரைந்தது விடுவிப்பு வளையி. அதை வைத்துத் தேறியது, தேறவில்லை என்று எழுதினால் பரீட்சகர் முதலில் கேட்பது மற்ற ஐந்தும் எங்கே என்றுதான்.