இரவில் வழியும் மேல் டாங்கி: போல் வால்வை மாத்தோணுமா?

கேள்வி: திருகோணமலை, உவர்மலையில இருக்கிறம். பகல்ல ஒழுங்கா நிக்கிற டாங்கி இரவில வழியுது. போல் வால்வை மாத்தோணுமா?

பதில்: உடனே வாங்க ஓட வேண்டாம். ஊர் உறங்கினால் பைப்பில் அமுக்கம் கூடும். அதை எதிர்த்து அடைக்க, வால்வின் மிதவை தண்ணீரில் இன்னும் கொஞ்சம் ஆழமாக மூழ்க வேண்டும். அதற்குள் நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ வாயைத் தொட்டுவிடும்.

மூடியைத் திறந்து, மிதவையைக் கையால் மேலே தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் முழுசாக நின்றால் வால்வு நல்லது, மட்டம்தான் பிழை. மிதவையைத் தாங்கும் தண்டு பித்தளை என்றால், ஒரு கையால் வால்வு உடலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்டின் நடுவைக் கொஞ்சமாகக் கீழே வளையுங்கள். உடலைப் பிடிக்காமல் வளைத்தால் டாங்கிச் சுவரில் உள்ள இணைப்பு கசியத் தொடங்கும், அது பெரிய தலையிடி. பிளாஸ்டிக் வால்வுகள் பலதில் இதற்கென்றே ஒரு திருகு இருக்கும்.

ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஒரு அங்குலம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். அதை இரவு பத்து மணிக்குப் பிறகு பாருங்கள். பகலில் பார்த்துத் திருப்திப்பட்டால் பயனில்லை.

தூக்கிப் பிடித்தும் சொட்டினால் வளைத்துப் பயனில்லை. மெயின் கொக்கைப் பூட்டி, வால்வைக் கழற்றி வோஷரைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் வட்டப் பள்ளம் விழுந்திருக்கும், அல்லது மணல் சிக்கியிருக்கும். வோஷரை மட்டும் மாற்றலாம். மிதவையைக் குலுக்கும்போது உள்ளே தண்ணீர் சளசளத்தால் மிதவையை மாற்றுங்கள்.