கருப்பு மருதாணி இயற்கையானதா?

"பாக்கெட் ஹேர் டை ஒத்துக்கொள்ளவில்லை, கருப்பு மருதாணி போடலாமா?"

வேண்டாம். மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்து செம்பழுப்பு நிறத்தையே தரும், கருப்பைத் தராது. அவுரிப்பொடி சேர்த்தால் கருமை கிடைக்கும் என்றாலும், "கருப்பு மருதாணி" என விற்கப்படுபவை பலவற்றில் இருப்பது, பாக்கெட் சாயங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து நிறம் தரும் அதே பிபிடி, அதாவது பாராஃபீனைலீன்டையமீன்தான். உங்களுக்கு ஒவ்வாமை தந்ததும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கலாம். சாயப்பெட்டியிலாவது அதன் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். கருப்பு மருதாணிப் பொட்டலங்கள் பலவற்றில் அந்தப் பெயர்கூட இருப்பதில்லை.

கலப்பில்லாதது என விற்கப்படும் மருதாணியையும் குழைத்து, முழங்கையின் உட்புறம் சிறிது தடவிக் கழுவிவிட்டு, 48 மணி நேரம் கவனியுங்கள். பிபிடி ஒவ்வாமை பெரும்பாலும் தாமதமாகவே தெரியும் என்பதால், முதல் நாள் தோல் தெளிவாக இருப்பதை நம்ப முடியாது. ஆனால் பிபிடி சேர்ந்ததை, முன்பே சாயத்தால் தோல் தடித்துச் சிவந்தவர்கள் சோதனைக்காகக்கூடத் தடவக் கூடாது.