கோபுரத்தின் அருகே இறங்கிய விமானம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மொழியியல் முதுகலை மாணவி. செயப்பாட்டுவினை வாக்கியம் ஒன்றைக் கேட்டவர், அடுத்து வரும் படத்தை விவரிக்கும்போதும் செயப்பாட்டுவினையை எடுக்கிறார் என்றும், சொற்களைத் தாண்டிய வாக்கிய அமைப்பு மனத்தில் இருப்பதற்கு அது சான்று என்றும் வகுப்பில் சொன்னார்கள். சொற்கள்தான் நாவில் ஒட்டிக்கொண்டு திரும்ப வருகின்றன என்று ஏன் சொல்லக்கூடாது? இதைத் தமிழில் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

கயல்

அன்புள்ள கயல்,

நீங்கள் கேட்ட கேள்வி, இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஒரு சோதனைக்குள்ளேயே ஏறக்குறைய 30 ஆண்டுகள் விடை தெரியாமல் கிடந்தது. அந்தச் சோதனை வழியாகவே பதில் சொல்கிறேன்.

1986-இல் உளவியலாளர் காத்ரின் பாக் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. பங்கேற்பவரிடம் இது நினைவாற்றல் சோதனை என்று சொல்லிவிடுவார்கள். அவர் ஒரு வாக்கியத்தைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வார். பிறகு ஒரு படம் வரும், அதை ஒரே வாக்கியத்தில் விவரிப்பார். ஒவ்வொன்றையும் முன்பே பார்த்தோமா, கேட்டோமா என்றும் சொல்லவேண்டும். கவனம் முழுக்க நினைவில் வைத்துக்கொள்வதில் இருப்பதால், வாக்கியத்தை எப்படி அமைக்கிறோம் என்று அவர் யோசிப்பதில்லை. 'நடுவர் ஒரு ரசிகரால் குத்தப்பட்டார்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சொன்னவர், தேவாலயத்தின் மேல் மின்னல் விழும் படத்துக்குச் செயப்பாட்டுவினையைக் கூடுதலாகப் பயன்படுத்தினார். நடுவருக்கும் தேவாலயத்துக்கும் பொருளில் எந்த உறவும் இல்லை. பெயர்களும் வினைகளும் வேறு. ஆனால் 'வாஸ்', 'பை' என்ற இரண்டு சிறு சொற்கள் இரண்டிலும் உண்டு. உங்கள் சந்தேகம் நுழையும் இடம் அதுதான்.

1990-இல் பாக்கும் ஹெல்கா லோபெலும் வைத்த சோதனை இது. 'தி 747 வாஸ் அலர்ட்டட் பை தி ஏர்போர்ட்ஸ் கண்ட்ரோல் டவர்' என்பது செயப்பாட்டுவினை: விமானத்தைக் கோபுரம் எச்சரித்தது. 'தி 747 வாஸ் லேண்டிங் பை தி ஏர்போர்ட்ஸ் கண்ட்ரோல் டவர்' என்பது செயப்பாட்டுவினையே அல்ல: விமானம் கோபுரத்தின் அருகே இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வாக்கியத்தில் கோபுரம் செயலைச் செய்கிறது, இரண்டாவதில் அது வெறும் இடம். ஆனால் வாக்கியத்தின் உறுப்புகள் இணையும் விதத்தைக் கிளைகளாகக் காட்டும் கிளைப்படம் வரைந்தால் இரண்டும் ஒரே வடிவம். இரண்டாவது வாக்கியமும் முதல் வாக்கியத்தைப் போலவே செயப்பாட்டுவினையைத் தூண்டியது. யார் செய்தார், யார் அனுபவித்தார் என்ற பொருட்பங்கு மாறியும் தூண்டல் குறையவில்லை. ஆகவே மனத்தில் இருப்பது பொருள் கலக்காத தூய அமைப்பு என்று முடிவு செய்தார்கள்.

ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களிலும் 'வாஸ்', 'பை' இரண்டும் இருக்கின்றனவே! 2019-இல் சீக்லர், பென்சினி, கோல்ட்பெர்க், ஸ்னெடெக்கர் ஆகியோர் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். விமானம் கோபுரத்தின் அருகே இறங்கியது என்பதை 'பை' வராமல், 'ஹாஸ் லேண்டட் நியர்' என்று மாற்றிச் சொல்லவைத்தார்கள். கிளைப்படம் அநேகமாக அதேதான். தூண்டல் காணாமல் போனது. 'பை' உள்ள பழைய வாக்கியமோ முன்போலவே தூண்டியது. ஆக, 1990-இன் அந்த முடிவுக்குப் பின்னால் அமைப்பு மட்டுமல்ல, ஒட்டிக்கொண்ட சிறுசொற்களும் இருந்தன. இந்த இடத்தில் உங்கள் சந்தேகம் சரி.

ஆனால் அதை எல்லா இடத்துக்கும் நீட்ட முடியாது. ஸ்பானிய மொழியில் செயப்பாட்டுவினை கேட்ட இருமொழியாளர்கள், அடுத்து ஆங்கிலத்தில் பேசும்போதும் செயப்பாட்டுவினையைக் கூடுதலாக எடுத்தார்கள் (2004). அங்கே ஒலியளவில் ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. செய்தவரைக் குறிப்பிடாத, அதாவது 'பை' தொடரே இல்லாத குறுஞ்செயப்பாட்டுவினையைக் கேட்ட சிறு குழந்தைகளும், 'பை' உள்ள முழுச் செயப்பாட்டுவினையைச் சொல்வது கூடியது. என் கணிப்பில் சொற்களைத் தாண்டிய அமைப்பு உண்டு. ஆனால் பொருட்பங்கிலிருந்து முழுக்கக் கழன்ற வெறும் கிளைப்படம் என்று அதைச் சொல்ல 747 வாக்கியம் போதாது.

இனி தமிழ். செயப்பாட்டுவினையோடு தொடங்காதீர்கள். மின்னல் படத்தைப் பார்த்து, 'கோயில் மின்னலால் தாக்கப்பட்டது' என்று யாரும் பேச்சில் சொல்வதில்லை. 'கோயில் மேல இடி விழுந்துச்சு' என்பார்கள். ஒரு வடிவம் அறவே வராத இடத்தில் அது கூடியதா குறைந்ததா என்று அளக்க முடியாது. 'பையனுக்குப் புத்தகத்தை', 'புத்தகத்தைப் பையனுக்கு' என்ற மாற்றமும் சிக்கல்தான். வேற்றுமை உருபுகள் மாறாமல் வரிசை மட்டும் மாறுவதால், தூண்டப்பட்டது அமைப்பா, எதை முதலில் சொல்வது என்ற தேர்வா என்று பிரிப்பது கடினம்.

நான் பெயரெச்சத்தை எடுப்பேன். ஆங்கிலத்தில் 'சிவப்புச் சதுரம்', 'சிவப்பாக இருக்கும் சதுரம்' என்ற இரண்டு வகைத் தொடர்களை வைத்து 2003-இல் க்ளீலண்டும் பிக்கரிங்கும் தூண்டல் இருப்பதைக் காட்டினார்கள். தமிழில் அதே இணை 'சிவப்புச் சதுரம்', 'சிவப்பா இருக்கிற சதுரம்'. படத்துக்கு முன்னால் வரும் தூண்டுதொடர் நான்கு வகையாக இருக்கட்டும்: 'பச்சை வட்டம்', 'பச்சையா இருக்கிற வட்டம்', 'பட்டுச் சட்டை', 'கிழிஞ்ச சட்டை'. இரண்டாவதில் பெயரெச்சமும் உண்டு, 'இருக்கிற' என்ற சொல்லும் உண்டு. நான்காவதில் பெயரெச்சம் உண்டு, அந்தச் சொல் இல்லை. 'பை' இல்லாத 747 வாக்கியத்தின் வேலையைக் 'கிழிஞ்ச சட்டை' இங்கே செய்யும். பட்டுச் சட்டையைவிடக் கிழிஞ்ச சட்டைக்குப் பிறகு 'சிவப்பா இருக்கிற சதுரம்' அதிகம் வந்தால் அமைப்பு இழுக்கிறது. 'பச்சையா இருக்கிற' மட்டுமே இழுத்தால், உங்கள் ஒட்டிக்கொண்ட சொல்தான் காரணம்.

32 படங்கள் எடுத்தால் ஒரு வகைக்கு 8 படம். நான்கு பட்டியல்கள் தயாரித்து, ஒவ்வொரு படமும் ஒவ்வொரு பட்டியலிலும் வேறு வகைத் தூண்டுதொடருக்குப் பின் வரும்படி சுழற்றுங்கள். இல்லையென்றால் ஒரு படத்தின் தனி இயல்பு தூண்டலாகத் தெரியும். இடையில் சம்பந்தமில்லாத படங்களை இரண்டிரண்டாக நுழையுங்கள். தூண்டுதொடரின் பெயர்ச்சொல்லைப் படத்தில் திரும்ப வரவிடாதீர்கள். 1998-இல் பிக்கரிங்கும் பிரானிகனும் காட்டியதுபோல, வினை திரும்ப வந்தாலே தூண்டல் வெகுவாகப் பெருகும். 2003 சோதனையில் பெயர் திரும்பியபோதும் அப்படித்தான். அந்தப் பெருக்கம் சில வாக்கியங்களுக்குள் கரைந்துவிடும், அமைப்பின் தூண்டல் அதைவிட நீடிக்கும். இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது.

கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, ஒருவர் வகைக்கு 8 படங்களில் கிழிஞ்ச சட்டைக்குப் பின் 3 முறையும் பட்டுச் சட்டைக்குப் பின் 1 முறையும் பெயரெச்சம் சொன்னால் வேறுபாடு 25 விழுக்காட்டுப் புள்ளி. ஒருவருடைய எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எல்லாப் பங்கேற்பாளர்களையும் எல்லாப் படங்களையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

தடுக்கி விழும் இடம் 'சிவப்பான சதுரம்'. பலர் அப்படித்தான் சொல்வார்கள். 'ஆன' என்பதும் வரலாற்றில் பெயரெச்சமே. ஆனால் பேசுபவர் மனத்தில் இன்று அது அப்படித்தான் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதை எந்தப் பக்கத்திலும் சேர்க்காமல் மூன்றாவது வகையாக எண்ணுங்கள். இந்த முடிவைப் பதிவுகளைக் கேட்பதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தூண்டுதொடர் எதுவும் இல்லாமல் பத்துப் பேரிடம் படங்களை மட்டும் காட்டிப் பாருங்கள். 'இருக்கிற' என்ற வடிவம் யார் வாயிலும் வரவில்லை என்றால், நிறங்களை விட்டுவிட்டு, கோடு போட்ட சட்டை, ஓட்டை விழுந்த குடை போன்ற படங்களுக்கு மாறுங்கள். அப்போது தூண்டுதொடர்களையும் புதிதாக எழுதவேண்டியிருக்கும்.