8,400 ரூபாய் எங்கே போனது?

கேள்வி: பலகார மொத்த வியாபாரம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 6 லைன், 14 சரக்கு. பில் விவரமெல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் ஏறும். அதிலிருந்து லைன்வாரி, சரக்குவாரி மாத விற்பனையை SUMIFS போட்டு எடுக்கிறேன். போன மாத ரிப்போர்ட்டின் கூட்டுத்தொகை, ஷீட்டின் மொத்தத்தைவிட 8,400 ரூபாய் குறைகிறது. பைவட் டேபிள் போடச் சொல்கிறார் நண்பர். அது என்னதான் செய்கிறது? ஃபார்முலாக்களை எடுத்துவிடலாமா?
— கணக்காளர், விருதுநகர்

பதில்: ஃபார்முலாவில் பிழை இருக்காது என்றே நினைக்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டின் 84 கட்டங்களிலும் ஏறக்குறைய இதுதான் இருக்கும்:

```
=SUMIFS($E:$E,$B:$B,$G2,$C:$C,H$1)
```

G2-இல் இருக்கும் லைன், H1-இல் இருக்கும் சரக்கு, இரண்டும் பொருந்துகிற வரிகளின் தொகையை இது கூட்டித் தரும். நீங்கள் எழுதி வைத்த பெயரைத்தான் தேடும். எழுதாத பெயரைப் பற்றி மூச்சு விடாது. போன மாதம் புதிதாக எள்ளுருண்டை வந்து, அதற்கு ரிப்போர்ட்டில் இடம் ஒதுக்காமல் விட்டிருந்தால் அந்த விற்பனை எந்தக் கட்டத்திலும் விழாது. ‘முறுக்கு’ என்று அடித்துவிட்டு, பின்னால் தெரியாமல் ஸ்பேஸ் பாரைத் தட்டியிருந்தாலும் அதே கதைதான். பிழைச்செய்தி எதுவும் வராது, தொகை மட்டும் குறையும்.

பைவட் டேபிள் இதைத் தலைகீழாகச் செய்கிறது. பெயர்ப் பட்டியலை உங்களிடம் கேட்காது. சரக்கு என்ற நெடுவரிசையில் என்னென்ன பெயர் இருக்கிறதோ, அத்தனையையும் தானே பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போட்டுக் கூட்டிவிடும்.

செய்து பாருங்கள். பில் விவரத்துக்குள் ஒரு கட்டத்தில் நின்று முதலில் Ctrl+T அடியுங்கள். இனி சேரும் வரிகளும் தானாகக் கணக்கில் வர இது வேண்டும். பிறகு Insert போய் PivotTable. வலப்பக்கம் வரும் பட்டியலில் சரக்கை Rows பெட்டிக்கும், லைனை Columns பெட்டிக்கும், தொகையை Values பெட்டிக்கும் இழுத்து விடுங்கள். 14 சரக்குக்குப் பதில் 15 அல்லது 16 வரி வந்து நின்றால், 8,400 எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். ‘முறுக்கு’ இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றின் பின்னால் இடைவெளி இருக்கிறது. சந்தேகமான தொகையை டபுள் கிளிக் செய்தால், அதற்குள் இருக்கும் பில் வரிகள் மட்டும் புது ஷீட்டில் விரியும். ஃபார்முலாவில் இந்த வசதிக்குத் தனியாக மெனக்கெட வேண்டும்.

இன்னொன்று. தொகையை Values-இல் விட்டதும் Sum என்று வராமல் Count என்று வந்தால், பலரும் அதை Sum என்று மாற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். தொகை நெடுவரிசையில் எங்கோ ஓர் எண், எழுத்தாகக் கிடக்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து காப்பி செய்யும்போது இது சகஜம். இந்தத் தவறு உங்கள் 8,400-இல்கூடத் தெரியாது. ஏனென்றால் SUM, SUMIFS இரண்டுமே அப்படிப்பட்ட எண்ணைச் சேர்ப்பதில்லை. இரு பக்கமும் ஒரே அளவு குறைந்து, கணக்கு நேர் போலவே நிற்கும்.

சரி, அப்போது SUMIFS வேண்டாமா? வேண்டும். முதலாளி தினமும் பார்க்கிற, அச்சடித்த மாதிரி வடிவம் மாறாத தாள் என்றால் ஃபார்முலாதான் வசதி. பில் ஏறியதும் அதில் தொகை மாறிவிடும். எக்செலில் பைவட் பொதுவாக அப்படி இல்லை. ரைட் கிளிக் செய்து Refresh கொடுக்கும்வரை பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும். கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொல்லை கிடையாது.

கமிஷன் கணக்கையும் பைவட்டுக்குள் திணிக்காதீர்கள். லைன் விற்பனை 1 லட்சத்தைத் தாண்டினால் 3%, இல்லையென்றால் 2% என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை Calculated Field ஆகப் போட்டால், கூட்டிய தொகையின் மேல்தான் அது கணக்குப் போடும். ஒவ்வொரு லைனும் 60,000 விற்றிருந்தால் லைனுக்கு 1,200 என்று சரியாகவே வரும். ஆனால் கீழே Grand Total வரியில், 3,60,000 என்பது 1 லட்சத்தைத் தாண்டுகிறதே என்று 3% போட்டு 10,800 காட்டும். ஆறு லைனையும் கூட்டினால் 7,200தான். இந்த வேலையைத் தனி ஷீட்டில் ஃபார்முலாவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே SUMIFS தாள் இருக்கட்டும்; மாதக் கடைசியில் அதே விவரத்துக்கு ஒரு பைவட் போட்டு, Refresh செய்து, இரண்டு மொத்தத்தையும் ஒத்துப் பாருங்கள்.